அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன்: கட்டிலில் இருந்து வாக்கருக்கு

நான் எலும்பு முறிவு வார்டில் பல வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ். போன வருடம் அம்மா ராத்திரி பாத்ரூம் போகும்போது வழுக்கி விழுந்து, வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. வயது 74. முறிந்த துண்டு நகர்ந்துவிட்டதால் எலும்பின் தலைப் பந்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகப் பந்து வைத்தார்கள். பைபோலார் என்று சொல்லும் ஆபரேஷன். பார்த்துக்கொள்ள அண்ணி, சித்தி, நான் என்று ஆள் மாறி மாறி இருந்தோம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

தியேட்டரில் இருந்து டாக்டர் வெளியே வந்ததும் நான் கேட்டவை மூன்று. என்ன ஆபரேஷன், எந்தப் பக்கமாகத் திறந்தீர்கள், காலில் எவ்வளவு எடை போடலாம்? அம்மாவுக்குப் பின்பக்கமாகத் திறந்திருந்தார்கள், முழு எடையும் போடலாம் என்றார். அதற்கப்புறம் செய்வது எல்லாமே இந்தப் பதில்களைப் பொறுத்துத்தான். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் இடுப்பு முறிவுதான், ஆனால் தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே முறிந்து, எலும்புக்குள் நீளமான கம்பி செலுத்தியிருந்தார்கள். அவருடைய சொந்த மூட்டு அப்படியே இருப்பதால் அது நழுவும் பயம் கிடையாது. அவர் மகனோ என் அம்மாவுக்குச் செய்வதைப் பார்த்துவிட்டு, பாட்டியின் கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து அசையவே விடவில்லை. வார்டு சிஸ்டர் வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் பாட்டியை உட்கார வைத்தார்கள். இடுப்பு ஆபரேஷன் என்று பெயர் ஒன்றாக இருப்பதால் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து அதையே செய்யாதீர்கள்.

பின்பக்கமாகத் திறந்து பந்து வைத்தவர்களுக்கு, அந்தப் பக்கத்துத் தசையும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் ஆறும்வரை பந்து பின்னால் நழுவி வெளியே வர வாய்ப்பு உண்டு. அப்படி நழுவச் செய்யும் அசைவுகள் மூன்று: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, ஆபரேஷன் காலை மற்றக் காலின் மேல் குறுக்கே போடுவது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்புவது. அதனால் அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடைகளுக்கு நடுவே முக்கோணத் தலையணை வைத்து, கால்விரல்கள் கூரையைப் பார்க்கும்படி வைத்திருந்தோம். புரட்டும்போது அந்தத் தலையணையை எடுக்காமல், ஒருவர் தோளையும் இன்னொருவர் இடுப்பையும் காலையும் பிடித்து, உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் நல்ல பக்கமாகத் திரும்பும்படி செய்தோம்.

மடக்கக் கூடாது என்றதும் எல்லோரும் உட்காருவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். அம்மா தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தார். கால்மாட்டில் சுருண்டு கிடந்த போர்வையை எடுக்க முன்னால் குனிந்தார். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் உடம்பு ஏற்கெனவே பாதி மடங்கிய நிலையில் இருக்கிறது, குனிந்தால் 90 டிகிரியைத் தாண்டிவிடும். அதனால் போர்வை, தண்ணீர் டம்ளர், மூக்குக் கண்ணாடி எல்லாம் கை எட்டும் தூரத்தில், இடுப்புக்கு மேலேயே வைத்தோம். செருப்பு மாட்டிவிடுவது எங்கள் வேலை. மூட்டு நழுவிவிட்டால் தெரியாமல் போகாது. திடீரென்று தாங்க முடியாத வலி வரும், கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொள்ளும், அசைக்கவே முடியாது. அந்த நேரத்தில் நீங்களாக இழுத்து நேராக்கப் பார்க்கக் கூடாது, நிற்க வைக்கவும் கூடாது. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

குதிகாலையும் மறந்துவிடாதீர்கள். வலியால் அசைக்காத காலின் முழு பாரமும் குதிகாலில் இறங்கும். அங்கே சதை கிடையாது, சீக்கிரமே சிவந்து புண்ணாகிவிடும். கெண்டைக்கால் நீளத்துக்கும் மெல்லிய தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். காலையும் மாலையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ரத்தம் உறைவது. இடுப்பு முறிவில் உடம்பே ரத்தத்தை உறையவைக்கும் நிலைக்குப் போய்விடுகிறது. கூடவே கால் அசையாமல் இருப்பதால் கெண்டைக்கால், தொடை ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி 40 மில்லிகிராம் தினமும் ஒரு வேளை என்று எழுதினார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அளவு குறையும், அதனால் அந்த ரிப்போர்ட் இல்லாமல் இந்த ஊசியை ஆரம்பிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் மொத்தம் ஐந்து வாரம் போடச் சொன்னார்கள். வலி குறைந்துவிட்டது, நடக்கிறார் என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர். உறையும் ஆபத்து டிஸ்சார்ஜோடு முடிந்துவிடுவதில்லை.

அண்ணிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். தொப்புளைச் சுற்றி நான்கு விரல்கடை தள்ளி, இன்று இடது பக்கம், நாளை வலது பக்கம். சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை நேராக இறக்க வேண்டும், மருந்து முழுவதும் போகும்வரை பிடியை விடக் கூடாது. மருந்து நிரப்பியே வரும் அந்தச் சிரிஞ்சில் ஒரு காற்றுக் குமிழ் இருக்கும். அதை வெளியேற்ற வேண்டாம், வெளியேற்றினால் மருந்தும் கொஞ்சம் போய்விடும். எடுத்த பிறகு பஞ்சால் லேசாக அழுத்தினால் போதும், தேய்த்தால் ரத்தம் கட்டிக் கன்றிப்போகும். இந்த ஊசி நடக்கும் நாட்களில் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், பல வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். மலம் கறுப்பாகப் போனாலோ, தையலில் கசிவு நிற்காவிட்டாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஊசியோடு அசைவும் வேண்டும். முழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரம், இரண்டு பாதங்களையும் மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை அம்மா ஆட்டுவார். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இந்த நேரத்தில்தான் சித்தி அன்போடு தைலம் எடுத்து வந்து, கால் வீங்கியிருக்கிறதே, உருவிவிடுகிறேன் என்றார். வேண்டாம் சித்தி, உள்ளே கட்டி இருந்தால் உருவும்போது கழன்று நெஞ்சுக்குப் போய்விடும் என்று தடுத்தேன். அவர் மனம் சங்கடப்பட்டது, ஆனாலும் புரிந்துகொண்டார். பாதம் ஆட்டும்போது எண்ணுகிற வேலையை அவரிடம் கொடுத்தேன்.

ஆபரேஷன் காலில் வீக்கம் வருவது சகஜம். எது சாதாரண வீக்கம், எது கட்டி என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதனால் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் மேடாகத் தெரியும் இடத்தில் இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பேனாவால் கோடு போட்டு, இரண்டு கால்களையும் தினமும் டேப்பால் அளந்து எழுதினேன். முதலில் வலது கால் 1 சென்டிமீட்டர் அதிகமாக இருந்தது. ஒரு நாள் காலையில் அது 3 சென்டிமீட்டரைத் தாண்டியது, கெண்டைக்காலை அழுத்தினால் வலி என்றார். அன்றைக்கே காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். கட்டி இல்லை, ஆபரேஷன் வீக்கம்தான். அப்படி இருந்தும் ஸ்கேன் எடுத்தது சரிதான் என்பேன். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ திடீரென்று வந்தால் அளந்துகொண்டிருக்க நேரமில்லை, நேராக எமர்ஜென்சிதான்.

அம்மாவை ஆபரேஷனுக்கு மறுநாளே நிற்க வைத்தோம். ஒரு வாரம் படுக்கட்டுமே என்று உறவினர்கள் சொன்னார்கள். வயதானவர்களுக்குப் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், முதுகில் புண் வரும், மலம் சிக்கும், சாயங்காலமானால் குழப்பமாகப் பேச ஆரம்பிப்பார்கள், தொடைத் தசையும் வேகமாகக் கரையும். டாக்டர் முழு எடை போடலாம் என்று சொன்ன பிறகு காத்திருக்கக் காரணமே கிடையாது.

பிசியோ வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மருந்து கொடுத்தோம். படுத்த நிலையில் பிபி 130க்கு 80. கட்டில் விளிம்பில் கால் தொங்க சில நிமிடம் உட்காரவைத்து, அப்புறம் நிற்க வைத்தால் தலை சுற்றுகிறது என்றார். மேல் அளவு 104. நின்றதும் 20க்கு மேல் இறங்கினால் அது விழுந்துவிடுவதற்கான அறிகுறி. உடனே உட்காரவைத்துவிட்டோம். ஹீமோகுளோபின் பார்த்தார்கள், திரவம் கொடுத்தார்கள், வழக்கமான பிபி மாத்திரையை டாக்டர் அன்றைக்கு நிறுத்திவைத்தார். மாலையில் மறுபடி எழுந்தபோது மேல் அளவு 122க்குக் கீழே போகவில்லை, கட்டிலில் இருந்து நாற்காலி வரை நடந்தார்.

எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கட்டிலை உயர்த்தி, இடுப்பை விளிம்புக்கு நகர்த்தி, ஆபரேஷன் காலை முன்னால் நீட்டி, கைகளைக் கட்டிலில் ஊன்றி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது சாய்ந்துவிடும். நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். திரும்பும்போது ஆபரேஷன் காலில் ஊன்றிச் சுழலாமல், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்ப வேண்டும்.

வீட்டைத் தயார் செய்வதை டிஸ்சார்ஜ் அன்றைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அம்மா நின்ற அன்றே அண்ணனிடம் அளவுகளைக் கொடுத்தேன். தரையில் இருந்து அம்மாவின் முழங்கால் மடிப்பு வரை 43 சென்டிமீட்டர். கட்டிலும் நாற்காலியும் டாய்லெட்டும் அதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் உட்காரும்போது இடுப்பு முழங்காலுக்கு மேலே நிற்கும். வீட்டில் இருந்தது இந்தியன் டாய்லெட், அதில் குந்துவது பற்றிப் பேச்சே இல்லை. கை வைத்த கம்மோடு நாற்காலி வாங்கினோம். பாத்ரூம் சுவரில் கைப்பிடி அடித்தோம். வழியில் இருந்த மிதியடிகளை எடுத்துவிட்டு, இரவு விளக்கு போட்டோம். அறை வாசலில் உயரமான நிலைப்படி இருந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று பிசியோ ஆஸ்பத்திரியிலேயே பழக்கினார். ஆள் பிடிக்காமல் கட்டிலில் இருந்து எழுவது, டாய்லெட் போய் வருவது, ஒரு படி தாண்டுவது, இந்த மூன்றும் வந்த பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

ஒரு விஷயம் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் விட்டுப்போகிறது. நின்ற உயரத்தில் இருந்து விழுந்தே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு பலவீனம் என்றுதான் பொருள், அடுத்த முறிவும் வரலாம். அதற்கு என்ன மருந்து என்று நான் கேட்டேன். வைட்டமின் டி குறைவாக இருந்ததால் முதலில் அதைச் சரிசெய்து, சிறுநீரகம் வேலை செய்யும் அளவையும் பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து வருடத்துக்கு ஒரு முறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் டிரிப்பாக ஏற்றினார்கள். ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தது. முதல் டோஸுக்கு அப்படி வருவதுண்டு, பாராசிட்டமாலில் அடங்கியது.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறச் சொன்னார். கைத்தடி இடது கையில், அதாவது நல்ல கால் பக்கம். தரையில் உட்காருவதற்கு மட்டும் இன்னும் அனுமதி கிடையாது. பூஜை அறையில் இப்போது ஒரு உயரமான ஸ்டூல் இருக்கிறது.