பேங்க்கில் விழுந்த தொகை விற்பனை இல்லை: கேட்வே கட்டணத்தைப் பிரித்து எழுதிய அனுபவம்

அக்கா மதுரையில் சுங்குடிச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறாள். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய கணக்கைத் திறந்தால் விற்பனை லெட்ஜர் முழுக்க 1,025.22, 3,690.79 என்று பைசாவோடு எண்கள். சேலை விலை எல்லாம் முழு ரூபாயில் இருக்கிறது, விற்பனையில் எப்படிப் பைசா வரும்? வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி நமக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு பேங்க்கில் போட்ட தொகையைத்தான் அப்படியே விற்பனை என்று எழுதியிருக்கிறார்கள். இதைச் சரிசெய்தது எப்படி என்று எழுதுகிறேன், ஆன்லைனில் விற்கும் சின்னக் கடைகள் பலவற்றிலும் இதே நிலைமைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கட்டியது ரூ.1,050. இதில் சேலை விலை 1,000, ஐந்து சதவீத ஜிஎஸ்டி 50. கேட்வே எங்களிடம் வாங்குவது இரண்டு சதவீதம். அது 1,050க்குக் கணக்கிடப்படும், வரி நீக்கிய 1,000க்கு இல்லை. ஆக கட்டணம் 21 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3.78. மொத்தம் 24.78 போக மீதி 1,025.22 பேங்க்குக்கு வருகிறது.

இந்த 1,025.22ஐ விற்பனை என்று எழுதினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அதற்குள் ஐந்து சதவீத வரி அடக்கம் என்று பிரித்தால் விற்பனை 976.40, வரி 48.82 என்று வரும். ஆனால் வாடிக்கையாளரிடம் கொடுத்த பில்லில் வரி 50 என்று இருக்கிறது. ஒரு சேலைக்கு 1.18 ரூபாய் வரி குறைவாகக் கட்டுகிறோம். ஜிஎஸ்டி சட்டத்தில் வரி போடுவது வாடிக்கையாளர் கொடுத்த விலைக்குத்தான், நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு இல்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கேட்வேக்கு நாம் கட்டிய 3.78 உள்ளீட்டு வரியாக நமக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியது, கட்டணமே கணக்கில் இல்லாததால் அதையும் விட்டுவிடுகிறோம். அதாவது கட்ட வேண்டியதைக் குறைத்துக் கட்டி, வாங்க வேண்டியதை வாங்காமலும் விடுகிறோம். ஆண்டு விற்றுமுதலும் குறைத்துக் காட்டப்படும், வருமான வரியில் உத்தேச வருமானத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் சிக்கல்தான், ஏனென்றால் லாபச் சதவீதம் போடுவதே அந்த விற்றுமுதலின் மேல்.

சரி, எழுதும் முறைக்கு வருகிறேன். முதலில் கேட்வேயின் பெயரில் ஒரு லெட்ஜர் திறந்தேன், டேலியில் `Current Assets` குழுவின் கீழ். வாடிக்கையாளர் பணம் கட்டிய நிமிடத்திலிருந்து அது நம் பேங்க்குக்கு வரும்வரை கேட்வேயிடம் இருக்கிறது, அந்த நாட்களில் கேட்வே நமக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைக் காட்டத்தான் இந்த லெட்ஜர்.

ஆர்டர் வந்த தேதியில் விற்பனைப் பதிவு: கேட்வே லெட்ஜர் 1,050 பற்று, விற்பனை 1,000 வரவு, வாடிக்கையாளர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் சிஜிஎஸ்டி 25, எஸ்ஜிஎஸ்டி 25 வரவு. பணம் வந்து சேரும் நாளில் இரண்டு பதிவுகள். ஒன்று கட்டணத்துக்கு: கேட்வே கட்டணச் செலவு 21 பற்று, உள்ளீட்டு ஜிஎஸ்டி 3.78 பற்று, கேட்வே லெட்ஜர் 24.78 வரவு. இன்னொன்று பேங்க்குக்கு: பேங்க் 1,025.22 பற்று, கேட்வே லெட்ஜர் 1,025.22 வரவு. இப்போது கேட்வே லெட்ஜரில் 1,050 உள்ளே வந்து 1,050 வெளியே போய்விட்டது, பாக்கி பூஜ்யம். எங்கள் கேட்வே வேறு மாநிலத்தில் பதிவானது என்பதால் அவர்கள் பில்லில் ஐஜிஎஸ்டி என்றுதான் இருக்கும், உள்ளீட்டு லெட்ஜரிலும் ஐஜிஎஸ்டி என்றே போட வேண்டும்.

ஒரு சேலைக்கு இது எளிது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அப்படி வராது. ஒரு நாள் ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வரியாக வரும், வாடிக்கையாளர் பெயர் எதுவும் இருக்காது. ஒரு வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, 2,640.79. பழைய கணக்கில் அது 2,640.79க்கு விற்பனை. கேட்வே டேஷ்போர்டில் அந்த நாளின் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தால் உள்ளே நான்கு வரிகள். 1,050க்கு இரண்டு சேலைகள், 1,680க்கு ஒரு சேலை, ஆக மொத்தம் 3,780. அதற்கான கட்டணம் 75.60, அதன் ஜிஎஸ்டி 13.61. நான்காவது வரி ரீஃபண்ட், முந்தைய வாரம் வாங்கிய ஒருவர் சாயம் திட்டாக இருக்கிறது என்று சேலையைத் திருப்பி அனுப்பியிருந்தார், அவருக்குப் போன 1,050. மூவாயிரத்து எழுநூற்று எண்பதிலிருந்து இதையெல்லாம் கழித்தால் சரியாக 2,640.79 வருகிறது. ஒரே ஒரு எண்ணுக்குள் மூன்று விற்பனை, ஒரு விற்பனைத் திருப்பம், ஒரு செலவு, ஒரு வரி எல்லாம் ஒளிந்திருந்தன.

அந்த ரீஃபண்டில் கவனிக்க ஒன்று உண்டு. எங்கள் கேட்வே வாடிக்கையாளருக்கு முழு 1,050ஐயும் திருப்பிக் கொடுக்கிறது, ஆனால் முதலில் பிடித்த 24.78 நமக்குத் திரும்ப வராது. அதனால் விற்பனையைத் திருப்பிக் காட்டும் கிரெடிட் நோட் 1,050க்குப் போட வேண்டும் (1,000 விற்பனை, 50 வரி), கட்டணப் பதிவைத் தொடவே கூடாது. அது நடந்த செலவு, அதற்கு கேட்வே பில்லும் கொடுத்திருக்கிறது, அந்த 3.78க்கு உள்ளீட்டு வரியும் உண்டு.

எந்த பேங்க் வரி எந்தச் செட்டில்மென்ட் என்று சேர்க்க தேதியை நம்ப வேண்டாம், விடுமுறை வந்தால் தள்ளிப்போகும். ஒவ்வொரு பேங்க் பரிமாற்றத்துக்கும் தனியாக வரும் யூடிஆர் எண் இரண்டு இடத்திலும் இருக்கும், அதை வைத்துச் சேர்த்தேன். பேங்க் ஷீட்டில் யூடிஆர் B பத்தியில் இருக்கிறது, செட்டில்மென்ட் ஷீட்டில் பற்று G, வரவு H, யூடிஆர் K பத்தியில் என்றால் இது போதும்:

```
=SUMIFS(Settle!H:H,Settle!K:K,B2)-SUMIFS(Settle!G:G,Settle!K:K,B2)
```

வருவது பேங்க் தொகையோடு பைசா வரை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் யூடிஆர் ஒரு ஷீட்டில் பின்னால் ஒரு ஸ்பேஸோடு இருக்கும், அதைத் திருத்தினால் சேர்ந்துவிடும்.

ரிப்போர்ட்டில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது `fee`, `tax` என்ற இரண்டு பத்திகள். ஒரு ரிப்போர்ட்டில் `fee` என்பது வரியில்லாத 21. அதே டேஷ்போர்டின் இன்னொரு ரிப்போர்ட்டில் `fee` என்பது வரியும் சேர்ந்த 24.78, `tax` என்பது அதற்குள் இருக்கும் 3.78. இரண்டாவது வகையில் போய் இரண்டையும் கூட்டினால் வரி இரண்டு தடவை கழியும். கண்டுபிடிக்க ஒரு வரியை எடுத்து, வாடிக்கையாளர் கட்டிய தொகையிலிருந்து `fee` மட்டும் கழித்துப் பாருங்கள். வரவுத் தொகை வந்துவிட்டால் வரி உள்ளேயே இருக்கிறது. அதேபோல எல்லா ஆர்டருக்கும் இரண்டு சதவீதம் என்று நாமே கணக்கிட்டும் எழுதக்கூடாது. யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து வணிகர் கட்டணம் கிடையாது, ஆனால் கேட்வே தன் பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று வேறாக வாங்கலாம், கார்டு வகைக்கு ஏற்ப விகிதமும் மாறலாம். ரிப்போர்ட்டில் அந்த வரியில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

உள்ளீட்டு வரிக்கு இன்னொரு படி இருக்கிறது. தினமும் 3.78, 6.05 என்று சேர்ந்து வந்தாலும் அதை எடுத்துக்கொள்ள ஆதாரம் செட்டில்மென்ட் ரிப்போர்ட் கிடையாது, மாதம் முடிந்ததும் கேட்வே தரும் டாக்ஸ் இன்வாய்ஸ்தான், அது, நமக்கு விற்றவர்கள் காட்டிய வரியைத் தொகுத்துத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையிலும் தெரிய வேண்டும். அதனால் தினசரித் தொகையை 'இன்னும் எடுக்காத உள்ளீட்டு வரி' என்று தனி லெட்ஜரில் வைத்து, 2பியில் வந்த பிறகு உண்மையான ஐஜிஎஸ்டி லெட்ஜருக்கு மாற்றுகிறேன். ரவுண்டிங்கில் சில பைசா நிற்கும், அதை ரவுண்ட் ஆஃபில் போட்டுவிடலாம். எங்கள் விஷயத்தில் 2பியில் கேட்வே பெயரே இல்லை. தேடிப் பார்த்தால் டேஷ்போர்டில் அக்காவின் ஜிஎஸ்டி எண் பதிவே செய்யப்படவில்லை, எண் இல்லாதவருக்குப் போடுவதுபோல இன்வாய்ஸ் போய்க்கொண்டிருந்தது. எண்ணைச் சேர்த்த மாதத்திலிருந்து வர ஆரம்பித்தது. பழைய மாதங்களுக்கு இன்வாய்ஸைத் திருத்தித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அந்த வரியைக் கட்டணத்தோடு சேர்த்துச் செலவாகவே எழுதினோம். புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முதல் நாளே பாருங்கள், தயவுசெய்து. பழைய ஆண்டில் குறைவாகக் காட்டிய விற்பனை வரியை ஆடிட்டரிடம் சொல்லி 18 சதவீத வட்டியோடு கட்டினோம்.

இப்போது வாரம் ஒருமுறை கேட்வே லெட்ஜரின் பாக்கியைத்தான் பார்க்கிறேன். கடைசி ஓரிரு நாள் ஆர்டர்களின் தொகை மட்டும் அதில் நிற்க வேண்டும். 24.78 மாதிரி சின்னத் தொகை நின்றால் கட்டணப் பதிவு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 1,050 முழுதாகப் பல நாள் நின்றால் அது பெரும்பாலும் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர், பணம் கூரியரிடமிருந்து வர வேண்டியது, தவறாகக் கேட்வேயில் ஏறியிருக்கிறது. பாக்கி எதிர்மறையாகப் போனால் விற்பனை ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறோம், கிரெடிட் நோட்டை விட்டிருந்தால் மாறாக அந்த 1,050 கூடுதலாக நிற்கும்.

மார்ச் 31 அன்றும் பாக்கி பூஜ்யமாக இருக்கக்கூடாது. 30, 31 தேதிகளில் விற்ற சேலைகளின் பணம் ஏப்ரலில்தான் வரும், விற்பனை மார்ச் கணக்கில், பணம் கேட்வே பாக்கியாக ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில். ஆடிட்டர் அதற்கு ஆதாரம் கேட்டார், ஏப்ரல் முதல் வாரத்தின் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை அந்தப் பாக்கியோடு வரிக்கு வரி பொருத்திக் கொடுத்தேன், மேலே எதுவும் கேட்கவில்லை.