முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்: ஒரு திருத்தல் நாட்குறிப்பு

நவம்பர் 18, 2024, திங்கள்

முதலாண்டுப் பொதுத்தமிழ் விடைத்தாள்கள் வந்துவிட்டன. மற்ற கேள்விகளுக்குக் கீ இருக்கிறது, பிரச்சினை இல்லை. கட்டுரைதான் தொல்லை. 20 மதிப்பெண், தலைப்பு ‘எங்கள் ஊர் நீர்நிலை’. மொத்தம் 312 பேர். நாங்கள் நால்வர், ஆளுக்கு 78. கட்டுரைப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து, டம்மி எண் போட்டு, கணினியிலேயே திருத்தப் போகிறோம்.

போன பருவத்தில் ஒரு மாணவி மறுமதிப்பீட்டுக்குப் போட்டாள். முதலில் 8 வாங்கிய கட்டுரை இரண்டாம் முறை 14 ஆனது. யார் திருத்தியது என்று யாரும் கேட்கவில்லை. அந்த 8 போட்டது நான்தான் என்று எனக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்குத் திருத்திய கட்டு அது.

அதனால் இம்முறை ஆங்கர் பேப்பர் வைத்துத் திருத்துவது என்று முடிவு. நால்வரும் பேசி மதிப்பெண் முடிவுசெய்த சில உண்மையான விடைத்தாள்களை மேசையில் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துவது. இலக்கணம் எடுக்கும் சார் அதை ‘படிக்கல்’ என்றார். பொருத்தமான பெயர்தான், ஆனால் யார் வாயிலும் ஒட்டவில்லை. ஆங்கர் என்றே சொல்கிறோம்.

நவம்பர் 19, செவ்வாய்

312-இல் கண்ணை மூடிக்கொண்டு 25 தாள்களை எடுத்தோம். நால்வரும் தனித்தனியாக, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், துண்டுச் சீட்டில் மதிப்பெண் எழுதினோம். கருத்துக்கு 8, அமைப்புக்கு 4, நடைக்கு 4, பிழையின்மைக்கு 4. இந்த நான்கு கட்டங்களும் முன்பே முடிவானவை.

25-இல் 19 கட்டுரைகள் ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கின. ஒருவர்கூடக் குறளை முழுதாக எழுதவில்லை.

சீட்டுகளைப் பிரித்தபோது பாதிக்கு மேல் ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசம்தான். ஒரு தாள் மட்டும் 7, 13, 9, 12 என்று சிதறியது. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஓர் ஆங்கில விடைத்தாளை நகலெடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பிய கதையை அப்போது சொன்னேன். 142 ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண் 100-க்கு 64-இலிருந்து 98 வரை போனது. “அப்போ நாம பரவாயில்லை” என்றார் சார். பரவாயில்லை எல்லாம் இல்லை. 20-க்கு ஆறு மதிப்பெண் இடைவெளி என்றால் 100-க்கு 30.

அந்தச் சிதறிய தாளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். எழுத்துப்பிழை மலிந்த கட்டுரை. குளம் எல்லா இடத்திலும் ‘குலம்’. ஏரிக்கு ஒரு வரியில் ‘எரி’, அடுத்த வரியில் ‘ஏறி’. ஆனால் பையன் ஊர் ஏரியின் மதகைப் பற்றி எழுதியிருக்கிறான். துருப்பிடித்த ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, கீழே செங்கல் முட்டு வைத்து, இரவோடிரவாகத் தண்ணீரைச் சூளைக்குத் திருப்புகிறார்கள். காலையில் செங்கல்லை எடுத்தால் ஷட்டர் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பார்த்தவன் மட்டுமே எழுதக்கூடியது.

7 போட்ட சங்க இலக்கிய மேடம் தன் சீட்டை மறுபடி பார்த்துவிட்டு அவரே சொன்னார்: பிழைகளுக்காக நான்கு கட்டத்திலும் குறைத்திருக்கிறார். பிழை கண்ணைக் குத்தியதால் கருத்தும் அவருக்கு மோசமாகத் தெரிந்திருக்கிறது. 13 போட்ட நான் நேர் எதிர். மதகு பிடித்துப்போய் அமைப்புக்கு மூன்று கொடுத்திருந்தேன். கட்டுரையில் பத்தி பிரிப்பே கிடையாது. கடைசியில் கருத்து 6, அமைப்பு 2, நடை 3, பிழையின்மை 0, ஆக 11 என்று முடிவானது. ஓரத்தில் காரணம் எழுதினோம்: ‘பிழைக்குத் தண்டனை பிழைக் கட்டத்தோடு சரி.’ இந்த வரி இல்லாமல் 11 என்ற எண் மட்டும் இருந்தால் நாளன்றைக்கு அது யாருக்கும் உதவாது.

நவம்பர் 20, புதன்

ஆங்கர் ஆறு போதும் என்று நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் போனால் யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள்.

முதலில் நான் 18, 13, 10, 5 என்று ஒவ்வொரு படிக்கும் நடுவில் நிற்கும் தாள்களைத்தான் எடுத்து வைத்தேன். துறைத்தலைவர் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “18 வாங்குற பிள்ளைய யாரும் 10-னு போடப் போறதில்லை. சண்டை எல்லாம் 8-லயும் 12-லயும்தான்” என்றார். 8 தேர்ச்சிக் கோடு, 12 முதல் வகுப்புக் கோடு. ஆக, 8-இல் தட்டுத்தடுமாறி ஏறிய தாள் ஒன்று, 12-ஐத் தொட்ட தாள் ஒன்று, உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று. ஐந்தாவது மதகுக் கட்டுரை. ஆறாவது அதற்கு நேர் எதிரான ஒன்று: முத்து முத்தான கையெழுத்து, ஐந்து மேற்கோள், ஒரு பிழை இல்லை, எந்த ஊர் ஏரி என்றே தெரியாத மனப்பாடக் கட்டுரை. அதுவும் 11.

இரண்டு 11-களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் கோபமாகத்தான் வந்தது. ஆனால் கட்டம் கட்டமாகப் பார்த்தால் கணக்குச் சரி.

நவம்பர் 21, வியாழன்

தொடக்கம். ஆறையும் படித்துவிட்டு முதல் தாளைத் திறந்தேன். கட்டுரை ஒன்றுக்கு ஆறேழு நிமிடம்.

ஆங்கரைப் பயன்படுத்துவது எப்படி என்று கை பழகக் கொஞ்ச நேரமானது. ‘இது எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்டால் மனம் ஏதோ ஓர் எண்ணைத் தருகிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிவதில்லை. ‘12 ஆங்கரைவிட இது மேலா கீழா?’ என்று கேட்டால் பதில் சட்டென்று வருகிறது, காரணத்தோடு வருகிறது. மேல் என்றால் எந்தக் கட்டத்தில் மேல் என்று பார்த்து நிரப்புகிறேன்.

காலையில் 16, மதியம் 14.

நவம்பர் 22, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

எங்கள் கோப்புகளுக்குள் சுமார் 15 தாளுக்கு ஒன்றாகச் சோதனைத் தாள்களைத் துறைத்தலைவர் நுழைத்திருக்கிறார். முதல் 25-இல் ஆங்கராகாமல் போன, ஆனால் மதிப்பெண் பேசி முடித்த தாள்கள். புது டம்மி எண்ணோடு வருவதால் அடையாளம் தெரியாது. மூன்று நாளில் முகமும் மறந்துவிடுகிறது. ஆங்கரையே நுழைத்தால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம், அதனால் இந்த ஏற்பாடு. முடிவான மதிப்பெண்ணிலிருந்து இரண்டு வரை விலகலாம். அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார்.

மாலை நாலரைக்குக் கூப்பிட்டார். 13 என்று முடிவான தாளுக்கு நான் 10 போட்டிருக்கிறேன்.

கட்டங்களை எடுத்துப் பார்த்தோம். 5, 3, 3, 2 இருக்கவேண்டிய இடத்தில் 4, 3, 2, 1. எங்கேயும் பெரிய தவறு இல்லை. மூன்று கட்டத்தில் ஒவ்வொன்று. இப்படித்தான் போகிறது, ஒவ்வொன்றாக, நமக்குத் தெரியாமல். அதற்கு முன் வந்த இரண்டு தாள்களைப் பார்த்தால் காரணமும் புரிந்தது: 18, 17. இரண்டு பிரமாதமான கட்டுரைகளை அடுத்து வந்த சுமாரான கட்டுரை எனக்கு மோசமாகத் தெரிந்திருக்கிறது. மதியத்திலிருந்து நான் ஆங்கர்களைத் தொடவே இல்லை என்பது இன்னொரு காரணம். ‘நீரின்றி அமையாது உலகு’ என்பதைப் பார்த்தாலே எரிச்சல் வர ஆரம்பித்திருந்தது என்பது மூன்றாவது.

“எல்லாத்துக்கும் மூணு கூட்டிடலாமா?” என்று கேட்டேன். கூடாது என்றார். எல்லாத் தாளிலும் ஒரே அளவு இறங்கியிருக்க மாட்டேனே. முந்தைய சோதனைத் தாள் சரியாக இருந்தது. அதற்கும் இதற்கும் நடுவில் திருத்திய 14 தாள்களைத் திரும்பத் திருத்தவேண்டும். இன்றைக்கு வேண்டாம், காலையில்.

நவம்பர் 23, சனி

ஆறு ஆங்கரையும் படித்துவிட்டு அந்த 14-ஐ எடுத்தேன். பழைய மதிப்பெண்ணை மறைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது தாள்கள் மாறின, ஒன்பதும் மேலே, ஒன்றோ இரண்டோ. 18, 17 இரண்டும் அப்படியே நின்றன. ஒரு தாள் 7-இலிருந்து 9 ஆனது. 8 ஆங்கரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது கீழே என்று சொல்லவே முடியாது. மூன்று நான்கு முறை பார்த்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

திருத்தவில்லை. பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. 1860-களில் இங்கிலாந்தில் கிரீனிச் மருத்துவமனைப் பள்ளியின் ஜார்ஜ் ஃபிஷர் என்ற பாதிரியார் ‘ஸ்கேல் புக்’ என்று ஒன்று வைத்திருந்தார். கையெழுத்து என்றால் இந்த மாதிரிக்கு இந்த எண் என்று மாதிரிகளைத் தர வரிசையில் அடுக்கி வைத்த புத்தகம். அவரும் யாருக்கோ 8 போட்டு மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

இன்று மாட்டியது சார். மாட்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. அவருடைய சோதனைத் தாள்கள் நான்கும் இரண்டு மதிப்பெண் எல்லைக்குள்தான். ஆனால் 2 கூட, 1 கூட, 2 கூட, 2 கூட. நான்கும் ஒரே பக்கம். ஒருமுறை மூன்று இறங்கி அடுத்ததில் சரியாகிவிட்ட என்னைவிட இது மோசம் என்றார் துறைத்தலைவர். அவர் கட்டில் இருக்கும் 78 பேரும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மதிப்பெண் முன்னால் நிற்பார்கள், எந்தத் தாளும் தனியாக எல்லையைத் தாண்டாது.

இடைவேளைக்குப் பிறகு ஆங்கரைப் படித்தீர்களா என்று கேட்டபோது, “அதான் மனப்பாடமா இருக்கே மேடம்” என்றார். அங்கேதான் கோளாறு. நமக்கு நினைவிருப்பது மதகும் செங்கல்லும்தான். அந்த 12 கட்டுரை உண்மையில் எவ்வளவு சுமாரானது என்பது நினைவில் தேறிக்கொண்டே போகிறது, அல்லது தேய்ந்துகொண்டே போகிறது. அவருக்குத் தேய்ந்திருந்தது, அதனால் வந்ததெல்லாம் அதைவிட மேல். இனி டீ முடிந்து வந்ததும் நால்வரும் 8-ஐயும் 12-ஐயும் படித்துவிட்டுத்தான் அடுத்த தாள். ஐந்து நிமிடம் ஆகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

கிணறே பேசுவதுபோல ஒரு கட்டுரை. ‘என்னை எட்டிப் பார்த்தவர்கள் இப்போது என்னுள் குப்பை போடுகிறார்கள்’ என்று தொடங்குகிறது. சங்க இலக்கிய மேடம் 9 போட்டுவிட்டு, சந்தேகம் வந்து கொண்டுவந்தார். ஆறு ஆங்கரில் ஒன்றுகூட இப்படி இல்லை. அதனால் கை தானாகவே கீழே போயிருக்கிறது. ஆங்கர் தரத்துக்குத்தான் மாதிரி, வடிவத்துக்கு இல்லை என்று தெரிந்தேதான் செய்கிறோம், ஆனாலும் கண் முதலில் பார்ப்பது சாயலை. இதன் மறுபக்கம் எனக்கு நடந்தது: செங்கல் சூளை வந்த ஒரு கட்டுரைக்குப் படித்து முடிக்கும் முன்பே 11 என்று மனத்தில் விழுந்துவிட்டது. முடித்தபோது அது 8-ஐத் தாண்டாது என்று தெரிந்தது.

கிணற்றை நால்வரும் கட்டம் கட்டமாகத் திருத்தினோம். 15. இப்படி எதிலும் சேராததை இனித் தனிக் கோப்பில் போட்டு, நாள் முடிவில் சேர்ந்து பார்ப்பது.

நவம்பர் 28, வியாழன்

முடிந்தது. என் கடைசிச் சோதனைத் தாளில் ஒரு மதிப்பெண் குறைவு. தனிக் கோப்பில் மொத்தம் ஏழு சேர்ந்திருந்தன.

இதே ஆறு ஆங்கரை அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தலைப்பு மாறினால் ஆகாது. ஏரிக் கட்டுரையின் 12-ஐ வைத்துக்கொண்டு பேருந்துப் பயணக் கட்டுரையை எப்படி அளப்பது? ஓரத்தில் எழுதிய காரணங்களை மட்டும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் மறுபடி 25 தாள், நான்கு துண்டுச் சீட்டு.