கூம்புக் கட்டைப் பிரித்த கதை

ப்ளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்னால் பழைய கணித வினாத்தாள்களை நகலெடுத்து, வகை நுண்கணிதக் கேள்விகளை மட்டும் கத்தரித்துக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். கூம்பு ஒரு கட்டு, ஏணி ஒரு கட்டு, கப்பல் ஒரு கட்டு. படத்தைப் பார்த்துப் பிரித்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

கூம்புக் கட்டில் முதல் இரண்டைப் போட்டதுமே அது தெரிந்துவிட்டது. ஒன்று, கூம்புத் தொட்டியில் தண்ணீர் விழுகிறது, ஆழம் 8 மீட்டராக இருக்கும்போது மட்டம் என்ன வேகத்தில் ஏறும் என்பது. மற்றது, கோளத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய கூம்பின் கன அளவு என்ன என்பது. இரண்டிலும் V = (1/3)πr²h வருகிறது, ஒற்றுமை அவ்வளவுதான். முதலாவதில் t-ஐப் பொறுத்து வகையிட்ட பிறகுதான் 8-ஐப் போட வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் h மாறிலியாகிவிடும், வகைக்கெழு பூஜ்ஜியமாக வந்து நிற்கும். இரண்டாவதில் t என்பதே கிடையாது. V-ஐ h மட்டும் உள்ள சார்பாக்கி, வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கி h-ஐக் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி என்று எல்லாக் கட்டையும் பிரித்துக் கொட்டினேன். இந்த முறை, நேரம் வந்தால் வீதக் கணக்கு, வராவிட்டால் பெருமம்–சிறுமம். கப்பல் கணக்கு அதையும் கவிழ்த்தது.

O என்ற இடத்துக்கு மேற்கே 50 கி.மீ. தூரத்திலிருந்து A என்ற கப்பல் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கிழக்கே வருகிறது. அதே நேரத்தில் O-விலிருந்து B என்ற கப்பல் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வடக்கே கிளம்புகிறது. t மணி நேரம் கழித்து இடைத்தூரம் D என்றால்

D² = (50 − 30t)² + (40t)² = 2500 − 3000t + 2500t²

'72 நிமிடம் கழித்து இடைத்தூரம் என்ன வேகத்தில் மாறுகிறது?' என்று கேட்டால் வீதக் கணக்கு. t = 1.2, D = 50. 2D·dD/dt = −3000 + 5000t என்பதில் போட்டால் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் விலகுகின்றன. 'எப்போது மிக நெருக்கமாக இருக்கும்?' என்று கேட்டால் அதே −3000 + 5000t பூஜ்ஜியமாக வேண்டும். t = 0.6, அதாவது 36-வது நிமிடத்தில் 40 கி.மீ. இடைவெளி. சமன்பாடு அதேதான், நேரமும் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் ஒன்றில் கணத்தைக் கொடுத்து வேகத்தைக் கேட்கிறார்கள், மற்றதில் கணத்தையே கேட்கிறார்கள்.

அப்புறம் கேள்வியின் கடைசி வரியை மட்டும் படித்துப் பிரித்தேன். தொடுகோடு, செங்கோடு, சராசரி மதிப்புத் தேற்றம் எல்லாம் பெயரோடு வருவதால் சிரமம் தரவில்லை.

மேல்நோக்கி எறிந்த கல்லின் அதிகபட்ச உயரம் மட்டும் கடைசிவரை இழுத்தது. பெருமம்தான் கேட்கிறார்கள், ஆனால் திசைவேகம் பூஜ்ஜியம் என்றுதான் கை எழுதுகிறது. அந்தச் சீட்டை இன்னொரு நகல் எடுத்து இரண்டு கட்டிலும் செருகினேன்.