கரும்பு ஜூஸ் போர்டில் எதை முதலில் எழுதுவது

மாசி பிறந்ததும் மதுரையில் கரும்பு ஜூஸ் கடைக்கு போர்டு எழுதும் வேலை வரத் தொடங்கும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார். அதில் இஞ்சி, எலுமிச்சை, புதினா, நெல்லிக்காய் என்று ருசிகள் முதலில் இருக்கும். பிறகு 'சுத்தமான, சுகாதாரமான, இயற்கையான' என்று ஒரு வரி. விலை கடைசியில் ஓரமாக இருக்கும், சில தாள்களில் இருக்கவே இருக்காது. "ருசி பேரெல்லாம் பெருசா போடுங்கண்ணே, அதுக்குத்தான் ஆள் நிக்கும்" என்பார். அந்தத் தாளை அப்படியே தகரத்தில் ஏற்றினால் போர்டு வேலை செய்யாது. போர்டைப் படிக்கிறவர் ஒருவர்தான், ஆனால் மூன்று வேறு இடங்களிலிருந்து படிக்கிறார். தாளின் வரிசை அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில், புளியமரத்தடியில் நிற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடிக்கு 36 அடி கடக்கிறார். தமிழ் எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் 20 அடி வரை தெளிவாகத் தெரியும் என்று வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். அப்படியானால் 6 அங்குல எழுத்து 120 அடியில் கண்ணில் படும். அங்கிருந்து கடைக்கு மூன்று நொடிக்குச் சற்று மேல். வேகம் குறைத்து ஓரம் ஒதுங்கவே அதில் பாதி போய்விடும். மிச்சமிருக்கிற ஒன்றரை நொடியில் என்ன விற்கிறது, என்ன விலை என்ற இரண்டு சேதிதான் மண்டையில் ஏறும். மூன்றாவதாக ஒன்றை அதே அளவில் போட்டால் முதல் இரண்டும் கெடும்.

நின்று, ஸ்டாண்டு போட்டு, மிஷினைப் பார்க்கும்போது ஆள் பதினைந்து அடி தூரத்தில் இருக்கிறார். ஐஸ் எங்கிருந்து வந்தது, டம்ளர் எதில் கழுவுகிறார்கள் என்று அப்போதுதான் மனம் தயங்கும். கூட குழந்தை இருந்தால் தயக்கம் கூடும். சுத்தத்தைப் பற்றிய வரிக்கு அதுதான் நேரம். காசு கொடுக்க முடிவு செய்து, கரும்பை ரோலரில் விட்டு மடித்து மடித்துப் பிழிகிற நேரத்தில் கைக்குச் செய்ய வேலை இல்லை; கண் சும்மா போர்டில் மேயும். ருசிப் பட்டியலை அப்போது படிப்பார்கள், "ஒரு இஞ்சி போட்டுருங்க" என்பார்கள். மூன்றடியிலிருந்து படிக்கிற வரிக்கு ஒன்றேகால் அங்குல எழுத்து தாராளம்.

இதை 3 அடி அகலம், 4 அடி உயரத் தகரத்தில் பிரித்துப் பார்க்கலாம். உயரம் 48 அங்குலம். மேலே 2 அங்குலம் ஓரம். 'கரும்பு' ஒரு வரி, 'ஜூஸ்' அடுத்த வரி, இரண்டும் 6 அங்குலம். ஒவ்வொரு வரிக்கும் கீழே 3 அங்குல இடைவெளி. அந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது. 'ரு', 'பு' இரண்டுக்கும் கால் கீழே இறங்கும், அடுத்த வரியின் 'ஸ்' புள்ளி மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டால் தூரத்தில் அது எழுத்தாகவே தெரியாது, கறையாகத் தெரியும். புள்ளியையும் தூரிகை நுனியால் சும்மா வைத்துவிட்டுப் போகக் கூடாது. 6 அங்குல எழுத்துக்கு முக்கால் அங்குல வட்டம் வேண்டும், எழுத்தின் தலையை ஒட்டாமல் நிற்க வேண்டும். 'கரும்புச்சாறு' நல்ல சொல்தான், எழுத ஆசையாகவும் இருக்கும். ஆனால் ஏழு எழுத்து 32 அங்குல அகலத்தில் அடங்க வேண்டுமென்றால் உயரம் 4 அங்குலத்துக்கு இறங்கிவிடும், 120 அடி 80 அடியாகிவிடும். வேகமான ரோட்டில் இரண்டு வரியாகப் பிரியும் 'கரும்பு ஜூஸ்' போதும். சாறு என்று எழுத, ஆள் நடந்து போகிற மாசி வீதிகள் பொருத்தமான இடம்.

அடுத்து விலை, 8 அங்குலம். போர்டிலேயே பெரியது இதுதான். 'ரூ' என்பதை மூன்றில் ஒரு பங்கு அளவில் இடது மேல் மூலையில் ஒதுக்கிவிட்டால் 20 என்ற எண்ணுக்கு முழு அகலம் கிடைக்கும். அதிகம் விற்கிற டம்ளரின் விலையை மட்டும் போட வேண்டும். '20 முதல்' என்று எழுதினால் வருகிறவர் கண்ணில் 20 மட்டும் ஏறும். குடித்த பிறகு 30 கேட்டால் அங்கே சண்டை வரும். ருசிக்குப் பத்து ரூபாய் கூட என்றால், அது ருசி வரியின் பக்கத்தில் அதே அளவில் இருக்க வேண்டும்.

அதற்குக் கீழே சுத்தம், இரண்டு வரி, 2 அங்குலம். 'சுத்தமான, சுகாதாரமான' என்பதை எல்லாக் கடையிலும் படித்துப் படித்துக் கண் தாண்டிப் போகும். நிற்கிறவர் அங்கேயே சரிபார்க்கக்கூடியதை எழுத வேண்டும். 'தோல் சீவிய கரும்பு' என்றால் பக்கத்தில் சீவிய கட்டு தெரிகிறது. 'கேன் தண்ணீர் ஐஸ்' என்றால் கேனும் பெட்டியும் கண் முன்னால் இருக்க வேண்டும். அதனால் தூரிகை தொடுவதற்கு முன் கடைக்காரரிடம் ஐஸ் எங்கே வாங்குகிறார் என்று கேட்டுவிடுவது முறை. பெரிய கட்டி ஐஸை உடைத்துப் போடுகிற கடைக்கு அந்த வரி எழுதக் கூடாது. அந்தக் கடைக்கு 'ஐஸ் இல்லாமலும் கிடைக்கும்' என்பது உண்மையான வரி. பிழிந்த சாறு காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் கறுக்கும் என்பதால் 'கேட்ட பிறகே பிழிவோம்' என்பதும் நல்ல வரி; குடத்தில் பிழிந்து வைக்காத கடைக்கு மட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணுக்குப் போர்டில் இடம் தேட வேண்டாம், சான்றிதழை மிஷினுக்குப் பக்கத்தில் மாட்டினால் தெளிவாகத் தெரியும்.

கடைசி 8 அங்குலத்தில் நான்கு ருசி. ஐந்தாவது வேண்டும் என்று கேட்டால், எது தினமும் கைவசம் இருக்கும் என்று கேட்கலாம். நெல்லிக்காய் பெரும்பாலும் அங்கே கழன்றுவிடும். இந்தக் கீழ்ப்பகுதியில்தான் சாறு தெறிக்கும், ஈ மொய்க்கும், ஈரத்துணியால் தினம் துடைப்பார்கள். எழுத்து தேயாமலிருக்க இங்கே மட்டும் ஒரு கை வார்னிஷ் கூடுதலாக அடித்து, போர்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே இறங்காமல் மாட்ட வேண்டும்.

நிறத்தில் பலரும் செய்கிற தவறு, கரும்பு என்றதும் பச்சைத் தரை கேட்பது. புளியமரத்தடியில் பச்சை போர்டு இலையோடு இலையாகிவிடும். மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்துதான் நிழலிலும் வெயிலிலும் நிற்கும். பச்சைக்கு ஓரத்தில் இரண்டு கரும்பு வரைந்தால் போதும். விலையைச் சிவப்பில் கேட்பார்கள். எழுதிய அன்று அழகுதான், ஆனால் மதுரை வெயிலில் முதலில் வெளுக்கிறது சிவப்பு. வெளுத்துப் போவது போர்டிலேயே முக்கியமான எண்ணாக இருக்கக் கூடாது.

எனாமலைத் திறப்பதற்கு முன் எல்லாவற்றையும் சாக்பீஸில் எழுதி, தகரத்தைக் கடை இடத்திலேயே சாய்த்து வைத்து, ஐம்பது தப்படி நடந்துபோய்த் திரும்பி, கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். பெயரும் எண்ணும் மட்டும் தெரிந்தால் சரி. நடுவில் சாம்பல் பட்டையாக ஏதாவது தெரிந்தால் சுத்தம் வரி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அழித்து அரை அங்குலம் குறைக்கலாம், சாக்பீஸுக்குச் செலவில்லை.

விலையை மட்டும் போர்டிலேயே எழுதாமல், தனியாக 10 அங்குல உயரத் தகட்டில் எழுதி இரண்டு கொக்கியில் மாட்டிவிடுவது நல்லது. சித்திரையில் கரும்புக் கட்டும் ஐஸும் விலை ஏறினால், 20-ன் மேல் 25-ஐத் தீட்டுவார்கள். பழைய சுழியம் அடியிலிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கும், தூரத்தில் அது 28 போலத் தெரியும். தகடாக இருந்தால் பின்பக்கத்தில் 25 எழுதிக் கொடுத்துவிடலாம், விலை மாறுகிற காலையில் கடைக்காரரே திருப்பி மாட்டிக்கொள்வார்.