கஜுக்கு விலை போடத் தெரியாம நொறுங்கல் காறினது

நாங்க செங்கலடிப் பக்கம். அம்மாவும் மாமியும் கஜு உடைச்சுக் குடுக்கிறவங்க, முந்தி முழுக்க யாவாரிமாருக்குக் கூலிக்குத்தான் உடைச்சது. கொட்டைப்பால் பட்டு ரெண்டு பேர்ட கையும் கறுத்துப் போய் இருக்கும். அதப் பாத்துட்டுத்தான் நான் சொன்னன், நாமளே கொட்டைய வாங்கி உடைச்சு நாமளே விப்பம் எண்டு. விக்கிறது பெரிய வேலையா இருக்கும் எண்டு நினைச்சன், ஆனா சரியான சிக்கல் விலை போடுறதுலதான் வந்த.

முதல்ல 100 கிலோ கொட்டை, கிலோ 450 ரூபாப்படி 45,000 குடுத்து எடுத்தம். காய வச்சு, சுட்டு, உடைச்சு, தோல் உரிச்சு வர 22 கிலோ பருப்பு தேறின. உடைப்புக்கூலி கிலோவுக்கு 600, அம்மா மாமிதான் உடைச்சாலும் வெளியாளுக்குக் குடுத்தா எவ்வளவோ அத எழுதினன், அது 13,200. (அம்மா "எனக்கென்னத்துக்கு மகள் கூலி" எண்டா, நான் விடல்ல, அத எழுதாம விட்டா வாற லாபம் முழுக்க அவட கைதான்.) விறகு, பை, ஆட்டோ எல்லாம் 7,800. மொத்தம் 66,000, 22ஆல பிரிச்சா கிலோ 3,000. அதுக்கு மேல 25 வீதம் போட்டு 3,750 எண்டு எழுதி வச்சன். காஸ்ட் ப்ளஸ் எண்டு சொல்றது இதத்தான், செலவோட லாபத்தக் கூட்டுறது, அவ்வளவுதான். கணக்குச் சுத்தமாத்தான் இருந்த, ஒரு பிழையும் இல்ல.

ஆனா பருப்பு ஒரே மாதிரி வாறல்ல. 13 கிலோ முழுசு, 6 கிலோ பாதி, 3 கிலோ நொறுங்கல். நான் எல்லாத்துக்கும் 3,750 போட்டன், ஏனெண்டா எல்லாத்துக்கும் செலவு ஒண்டுதானே. முழுசு நாலு நாள்ல முடிஞ்சு, ஒருத்தரும் விலை குறைச்சுக் கேக்கவுமில்ல, அப்ப எனக்குச் சந்தோசம், இப்ப யோசிச்சா கேக்காம வாங்கினதே நான் குறைச்சு வித்ததுக்கு அடையாளம். பாதி ஒரு மாதம் இழுத்து இழுத்துப் போன. நொறுங்கலத் தொட ஆளில்ல, சாக்குக்குள்ள கிடந்து காறல் வாசம் வந்து கடைசில கோழிக்குப் போட்டம். கையில வந்தது 71,250, அதுல 66,000 போனா மிச்சம் 5,250. தாள்ல 16,500 லாபம் இருந்த.

மறுகா அடுத்த 100 கிலோ எடுக்க முதல் இருந்து யோசிச்சன். கொட்டைய உடைக்கக்குள்ள முழுசும் வரும் நொறுங்கலும் வரும், நொறுங்கலுக்கு எண்டு தனியா ஒரு செலவு இல்லவே இல்ல. 3,000 எண்டது 22 கிலோவும் சேர்ந்த செலவு, அத நானாத்தான் சமமாப் பிரிச்சு எழுதினன். அப்ப அந்த எண்ண வச்சு நொறுங்கல்ட விலையக் கண்டுபிடிக்க ஏலாது. வாங்குறவங்கள்ட போய்த்தான் பாக்கணும்.

தாண்டவன்வெளியில நத்தார் கேக் செய்ற ஒரு அன்டிட்டப் போனன். "எவ்வளவு தருவீங்க" எண்டு கேக்கல்ல, அப்பிடிக் கேட்டா ஆரும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. "இப்ப என்னத்த வாங்குறீங்க, அத என்ன செய்றீங்க" எண்டு கேட்டன். அவங்க கடையில நொறுங்கல் கிலோ 2,600க்கு வாங்குறாங்களாம், ஆனா தோலும் தூளும் கலந்து வாறதால 100 கிராம் எறியத்தான், அரிச்சுப் பொறுக்க ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் போகுதாம். அப்ப அவங்களுக்கு உண்மையில 900 கிராம்தான் 2,600, அதாவது கிலோ 2,890 கிட்ட, நல்ல பருப்பு ஒரு கிலோவுக்குப் பொறுக்கிற பிள்ளைட கூலி 150 சேர்த்தா 3,040. நான் அரிதட்டுல சலிச்சு, தோல் இல்லாம, ஒரே அளவாக் குடுத்தா அவங்களுக்கு 3,040 வரைக்கும் பெறுமதி. ஆனா 3,040 எண்டே கேட்டா அவங்க ஏன் பழகின கடைய விட்டுட்டு என்னட்ட வரணும்? 2,850 எண்டன், 190 ரூபா அவங்களுக்கு மிஞ்சும். அடுத்த நாளே மூண்டு கிலோவும் சொல்லிட்டாங்க. வேல்யூ பேஸ்ட் விலை எண்டா பணக்காரன்ட கூடக் கறக்கிறது எண்டுதான் நான் நினைச்சிருந்தன், இது வாங்குறவ வேற எங்க போவா, அங்க போனா அவக்கு என்ன முடியும் எண்டு பாக்கிற கணக்கு.

வீட்ட வந்து சொன்னா அம்மாக்குக் கோவம். "3,000 முடியுற சாமான 2,850க்கா குடுக்கிறாய், நட்டத்துக்கு யாவாரமா?" எண்டு. "அம்மா, போன முற அது கோழிக்குத்தானே போன" எண்டன். மாமிதான் சிரிச்சா.

பாதிய காத்தான்குடியில வட்டிலப்பம் செஞ்சு விக்கிற ஒரு ராத்தாட்டக் கொண்டு போனன். அவங்க 4,200க்கு முழுசு வாங்கி, அத ரெண்டாப் பிளந்து மேலால வைக்கிறவங்க! பாதி 3,750 எண்டதும் ஆறு கிலோவும் அவங்களே எடுத்தாங்க.

முழுசுதான் கூடின விலை. கொழும்புல பரிசுப் பெட்டி கட்டுற ஒரு கடைக்காரர் 5,000க்கு வாங்கி, உடைஞ்சதப் பொறுக்கி எடுத்துட்டுத்தான் பெட்டியில போடுறாராம். நாங்க பொறுக்கியே அனுப்பினா 4,700 எண்டு எட்டுக் கிலோவுக்கு ஒத்துக்கிட்டாரு. பஸ்ஸுல உரப்பையில போட்டா உடைஞ்சிரும், அதுக்குப் பெட்டி, பிறகு அரிதட்டு, ரெண்டுக்கும் 2,000 கூடப் போன. அவர்ட தேவையும் நத்தாரோட முடிஞ்சிரும், வருசம் முழுக்க இந்த விலை கிடைக்கும் எண்டு நம்பி இருக்க ஏலாது. மிச்ச அஞ்சு கிலோவ டவுண் கடையளுக்கு 4,200க்குக் குடுத்தம்.

அதே 100 கிலோ கொட்டை, அதே 66,000. இந்த முற வந்தது 89,650, செலவும் பெட்டிச் சல்லியும் கழிச்சு 21,650 மிச்சம்.

இதால செலவுக் கணக்கத் தூக்கி எறிஞ்சிட்டன் எண்டு நினைக்காதீங்க. போன மாதம் யாவாரி கொட்டை கிலோ 600 எண்டுட்டாரு. பழைய நானா இருந்தா செலவு 81,000, கிலோ 3,680 கிட்ட, 25 வீதம் போட்டா 4,600 எண்டு எல்லாத்துக்கும் எழுதி ஒட்டியிருப்பன். ஆனா கேக் அன்டி வாங்குற கடையில நொறுங்கல் இன்னும் 2,600தான், அவங்கள்ட பழைய சரக்குக் கிடக்கு. எனக்குச் செலவு கூடினது அன்டிக்கு என்னத்துக்கு? அப்ப எனக்கு வாறது அதே 89,650தான், செலவும் பெட்டியும் போனா மிஞ்சுறது 6,650. மூண்டு கிழமை கை கறுக்கிறதுக்கு அது காணுமா எண்டு அம்மாட்டயே கேட்டன். அவ கொஞ்ச நேரம் கதைக்கல்ல, மறுகா "50 கிலோ மட்டும் எடு, பழகின ஆக்கள விடக்கூடாது" எண்டா. 50தான் எடுத்திருக்கம். கடை விலை ஏறுதா எண்டு கிழமைக்கு ஒருக்கா டவுணுக்குப் போய்ப் பாத்துட்டு வாறன்.