ஆறு, ஆறு, ஒன்று: எம்.டி.பி கேள்வியில் ஒரு முறை தோற்று, மறுமுறை தப்பித்த கதை

போன வாரம் டி.என்.பி எமர்ஜென்சி மெடிசின் ரிசல்ட் வந்தது. பாஸ். இது இரண்டாவது முயற்சி. முதல் முறை பிராக்டிகலில் போனதற்குப் பல காரணம் இருக்கலாம், ஆனால் என் மனதில் நிற்பது வைவாவில் எம்.டி.பி பற்றி, அதாவது ரத்தம் கொட்டும் நோயாளிக்கு மொத்தமாக ரத்தம் ஏற்றும் முறை பற்றி, வந்த கேள்வி ஒன்றுதான். அதனால் இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் எளிமையானது. 28 வயது ஆண், பைக்கில் போனவரை லாரி இடித்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிவு, பி.பி 80/50, பல்ஸ் 132, ஃபாஸ்ட் ஸ்கேனில் வயிற்றில் ரத்தம். ஏ.பி.சி ஸ்கோரில் குத்துக்காயம் இல்லை, பி.பி, பல்ஸ், ஸ்கேன் என்ற மற்ற மூன்றும் உண்டு. இரண்டு இருந்தாலே எம்.டி.பி தொடங்கலாம். அதுவரை நன்றாகத்தான் போனது.

"ரத்த வங்கிக்கு என்ன சொல்வீங்க?"

"ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று, மேடம். ஆறு செவ்வணு, ஆறு பிளாஸ்மா, ஆறு எஸ்.டி.பி."

"ஆறு எஸ்.டி.பியா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறு டோனரை எங்கே பிடிப்பீங்க?"

பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதும் தவறு புரியவில்லை. அங்கேயே முடிந்தது.

அந்த மூன்றாவது "ஒன்று" என்பது சாதாரண ஆர்.டி.பி, அதாவது ஒரு டோனரின் ரத்தத்திலிருந்து பிரித்த சின்னத் தட்டணுப் பை. எஸ்.டி.பி என்பது ஒரே டோனரிடம் மெஷின் வழியாக எடுக்கும் தட்டணு, கிட்டத்தட்ட ஆறு ஆர்.டி.பிக்குச் சமம். ஆகவே ஆறு செவ்வணு, ஆறு பிளாஸ்மாவுடன் போக வேண்டியது ஆறு ஆர்.டி.பி, அல்லது ஒரே ஒரு எஸ்.டி.பி. 6:6:6 என்று எழுதினால் பக்கத்தில் ஆர்.டி.பி என்று எழுதுங்கள். எஸ்.டி.பி என்றால் 6:6:1. இதை மட்டும் எடுத்துக்கொண்டு பதிவை மூடினாலும் எனக்குச் சம்மதம்.

இன்னொரு சிறு விஷயம். போனில் "எம்.டி.பி" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் அந்த மூன்றெழுத்துக்குக் கருக்கலைப்பு என்றும் அர்த்தம். மாஸிவ் டிரான்ஸ்ஃபியூஷன் என்று முழுசாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது முறை வேறொரு தேர்வாளர் கேட்டது "ஏன்?" என்று. "ரத்தத்தில் எல்லாம் இருக்கிறது, அதனால் எல்லாம் கொடுக்கிறோம்" என்று பொதுவாகச் சொன்னால் விட மாட்டார்கள். எனக்குக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் எதுவும் மனதில் நிற்கும், அதனால் தாளில் கணக்காகவே எழுதிக் காட்டினேன்.

பாடங்களில் எடுத்துக்கொள்ளும் அளவுப்படி ஒரு செவ்வணுப் பை 335 மி.லி, பிளாஸ்மா 275, ஆர்.டி.பி 50. மூன்றையும் கலந்தால் 660 மி.லி. இந்தக் கலவையின் ஹெமட்டோக்ரிட் சுமார் 29%, தட்டணு 85,000 பக்கம், உறைவுக் காரணிகள் சுமார் 65%. எடுத்த முழு ரத்தத்தையே பிரித்து, உறையாமல் இருக்க மருந்தும் சேர்த்து, திரும்பக் கலந்தால் இவ்வளவுதான் மிஞ்சுகிறது. அதாவது 1:1:1 என்பதே தண்ணீர் கலந்த ரத்தம்தான்.

இப்போது செவ்வணுவை மட்டும் இரண்டாக்குங்கள். மொத்தம் 995 மி.லி ஆகிறது, தட்டணு அதே ஒரு பைதான். 55,000க்கு இறங்கிவிடும். ரத்தம் ஓடிக்கொண்டிருப்பவருக்கு 50,000க்குக் கீழே போகக் கூடாது, தலைக்காயம் இருந்தால் ஒரு லட்சம் வேண்டும் என்கிறோம். ஒரு பை கூடியதற்கே விளிம்புக்கு வந்துவிட்டோம். அல்லது ஆறு செட் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, பி.பி ஏறவில்லையே என்று ஒரு லிட்டர் சலைன் ஓட்டுங்கள். நான்கு லிட்டருடன் ஒரு லிட்டர் சேர்கிறது, எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து ஹெமட்டோக்ரிட் 23க்கு வந்து நிற்கும். சலைன் பாட்டிலை ஏன் தொடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கணக்கை முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது: "அப்போ 1:1:1 உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபணம் இருக்கிறதா?" இது பொறி. "ஆமாம்" என்று சொல்லிவிடாதீர்கள். 2015ல் வந்த ப்ராப்பர் ஆய்வில் 680 பேர். 1:1:1 ஒரு குழு, பிளாஸ்மா ஒன்று, தட்டணு ஒன்று, செவ்வணு மட்டும் இரண்டு என்று இன்னொரு குழு. 24 மணி நேரத்தில் இறந்தவர்கள் 12.7%, 17%. 30 நாளில் 22.4%, 26.1%. இரண்டு வித்தியாசமும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. உறுதியானது, முதல் நாளில் ரத்தப்போக்காலேயே இறந்தவர்கள் 9.2%, 14.6% என்ற வித்தியாசம். இதை இப்படியே பிரித்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பு ஈராக்கில் அமெரிக்க ராணுவ மருத்துவமனைத் தரவுகளை வைத்து 2007ல் வந்த கட்டுரையில், பிளாஸ்மா விகிதம் கூடக்கூட மரணம் 65%லிருந்து 19% வரை குறைந்ததாகக் காட்டினார்கள். ஆனால் பிளாஸ்மா உறைநிலையில் இருக்கும், உருக்கவே 20–30 நிமிடம் ஆகும். அதற்குள் இறந்தவர் தானாகவே "குறைந்த விகிதம்" கணக்கில் விழுந்துவிடுகிறார். பிழைத்திருந்ததால் பிளாஸ்மா கிடைத்ததா, பிளாஸ்மா கிடைத்ததால் பிழைத்தாரா? இதைச் சொன்னபோது தேர்வாளர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக ஆறு மாதம் காத்திருந்தேன்.

கால்சியத்தைப் பலர் கடைசியில் ஒரு வரியாகச் சொல்கிறார்கள். நான் நடுவிலேயே கொண்டுவந்தேன். பையில் இருக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் உறைவு நடக்காது. சிட்ரேட் அதிகம் இருப்பது பிளாஸ்மாவிலும் தட்டணுவிலும்தான். ஆக, விகிதத்தைச் சரியாகக் கடைப்பிடிப்பவருக்குத்தான் கால்சியம் வேகமாக இறங்கும். ஷாக்கில் குளிர்ந்து கிடக்கும் ஈரல் சிட்ரேட்டைச் சீக்கிரம் கரைப்பதும் இல்லை. எவ்வளவு ரத்தம் ஏற்றினாலும் பி.பி எழவில்லை, மானிட்டரில் க்யூ.டி நீள்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மீதியைச் சுருக்கமாக:

- டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில், அப்புறம் 1 கிராம் 8 மணி நேரத்தில். காயம்பட்டு 3 மணி நேரம் கடந்தால் தொடங்காதீர்கள்.
- தட்டணுப் பையை ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. அதற்கு 20–24 டிகிரி.
- கால்சியம் குளோரைடு 1 கிராம், அல்லது குளூக்கோனேட் 3 கிராம், சுமார் நான்கு பைக்கு ஒரு முறை. அயனி கால்சியம் 1.1க்கு மேல்.
- ஃபைப்ரினோஜன் 150க்குக் கீழே என்றால் அது செறிந்த கிரையோ. 1:1:1 மட்டும் அதைத் தூக்கி நிறுத்தாது.
- ரத்தக்கசிவு அடங்கியதும் விகிதத்தை விட்டுவிட்டு லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஊற்றினால் நுரையீரல் நனையும்.

கடைசிக் கேள்வி நான் எதிர்பார்க்காதது. "எம்.டி.பி முடிந்தது என்று யார் சொல்வார்?" டீம் லீடர் ரத்த வங்கிக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் அடுத்த பெட்டிக்குப் பிளாஸ்மாவை உருக்கிக்கொண்டே இருப்பார்கள், உருக்கியதைத் திரும்ப உறைய வைக்க முடியாது என்றேன். "அடுத்த பெட்டியில் எத்தனை எஸ்.டி.பி இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒன்று, சார்."