தை முகூர்த்தப் பட்டு: டிரை கிளீனிங் கடைக் குறிப்புகள்

டிசம்பர் 29

கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்துவிட்டேன். தை முதல் முகூர்த்தத்துக்கு வேண்டிய பட்டு ஜனவரி 8-க்குள் வர வேண்டும். ஆரி வேலை செய்த ரவிக்கை என்றால் 5. அதற்கு மேல் வருவது பொங்கல் கழித்துத்தான். போன வருஷமும் இதையேதான் எழுதினேன். 12-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு ஒருவர் பதினோரு சேலையோடு வந்து நின்றார், வாங்கிக்கொண்டேன். இந்த வருஷம் வாங்க மாட்டேன்.

டிசம்பர் 30

வாங்குவீர்கள் என்கிறாள் இவள்.

ஜனவரி 1

காலையில் ஒரு அம்மா, "மெஷினில் போட்டால் ஒரு மணி நேரம்தானே, எதற்கு ஆறு நாள்?" என்று கேட்டார். மெஷினில் ஒரு மணி நேரம்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் மெஷினுக்குள் சுற்றுவது தண்ணீர் இல்லை, சால்வன்ட். அது எண்ணெய், நெய், சாம்பார்த் தாளிப்பு, மேக்கப் எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டுபோய்விடும். வியர்வை, காபி, சர்க்கரை, இளநீர், இதெல்லாம் தண்ணீரில் கரைகிற சாதி, சால்வன்டில் பத்து தரம் சுற்றினாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அவற்றை மெஷினுக்கு முன்னால் மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கிறது. அதற்கும் முன்னால் சாயம் பார்க்கணும். கோர்வைச் சேலையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். உள்தலைப்பில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் அந்தச் சேலையில் தண்ணீர் வேலையே கிடையாது. மெஷினிலிருந்து வந்தபின் வாடை போக ஒரு நாள் தொங்கணும், இந்தப் பனியில் ஒன்றரை நாள். அப்புறம் ரோலிங், மடிப்பு. அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொன்னேன். "எனக்கு மட்டும் நாளைக்குக் கொடுத்துடுங்க" என்றார்.

ஜனவரி 2

அண்ணனுக்கு 5-ஆம் தேதி வலது கண் ஆபரேஷன். இடது கண் முடிந்தபோது இரண்டு வாரம் என்றார்கள், இருபத்தைந்து நாள் ஆயிற்று. கறை மேஜையில் நான்தான் உட்கார வேண்டும். எனக்குக் கறை தெரியும், அண்ணனுக்குக் கறையின் வயசு தெரியும்.

ஜனவரி 3

சீட்டு 417. சந்தனக் கலர் கூறைப் பட்டு, திருபுவனம், அரக்குக் கரை. அம்மா 1996-இல் கட்டியது, மகள் இந்தத் தையில் கட்டப்போகிறாள். ஏதாவது பட்டிருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன். "ஒன்றும் படலீங்க, ஒரே தடவை கட்டினது, பீரோவிலேயே இருந்தது." டியூப் லைட்டுக்குக் கீழே முழுசாக விரித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சீட்டில் "கறை இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன்.

ஜனவரி 4

ஒரு பட்டு வேட்டி. ஆலாத்தித் தண்ணீர் தெளித்திருக்கிறது. வீட்டில் சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், மஞ்சள் இருந்த இடமெல்லாம் ரத்தம் மாதிரிச் சிவந்துவிட்டது. மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும், சுண்ணாம்பு போட்டு ஆலாத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், சோப்பும் காரம் என்பது மட்டும் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. நீர்த்த வினிகர் தொட்டதும் மறுபடி மஞ்சளாயிற்று. அப்புறம் ஸ்பிரிட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வெள்ளைப் பட்டு என்பதால் மிச்சத்தைப் பெராக்சைடு பார்த்துக்கொள்ளும். நிறப் பட்டாக இருந்தால் இவ்வளவு தைரியம் வராது.

தேய்த்த இடத்தில் இழை பிய்ந்து வெளுப்புத் தட்டியிருக்கிறது. அது கறை இல்லை, நூல் உடைந்தது. அதற்கு மருந்து கிடையாது. ஈரப் பட்டைத் தேய்க்காதீர்கள் என்று எத்தனை தரம்தான் சொல்வது.

ஜனவரி 5

ஆரி ரவிக்கை பதினான்கு. கல் தைத்ததா ஒட்டியதா என்று ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பிப் பார்த்தேன். ஒட்டிய கல் சால்வன்டில் பசை விட்டு உதிரும், சில பிளாஸ்டிக் மணிகள் உருகியே போகும். நாலு ரவிக்கை மெஷினுக்குப் போகாது, அக்குள் மட்டும் கையால்.

அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். முடிந்ததாம், நல்லபடியாக.

ஜனவரி 6

417-இல் கறை.

மெஷினிலிருந்து வந்தபோதுகூட ஒன்றும் இல்லை. தொங்கப்போட்டு, இன்று மதியம் ரோலிங்குக்கு ஏற்றினோம். சூடு பட்டுக் கீழே இறங்கும்போது கொசுவம் வருகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒன்று, பக்கத்தில் சொட்டுச் சொட்டாக மூன்று. பையன் என் முகத்தைப் பார்க்கிறான். இரும்பின் சூடு அதிகமாகிப் பொசுங்கிவிட்டதோ என்றுதான் முதலில் வயிறு கலங்கியது. பொசுங்கல் என்றால் ரோல் போன வாக்கில் பட்டையாக வரும். இது வழிந்த வடிவம், ஓரம் மட்டும் அடர்த்தி. திரவம் சிந்திக் காய்ந்தால்தான் ஓரம் அப்படி அடரும். சர்க்கரைதான். சர்க்கரை காயும்போது கண்ணுக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் மெல்ல மஞ்சளாகும், சந்தன நிறத்தில் அந்த மஞ்சள் எங்கே தெரியப்போகிறது. சூடு பட்டதும் பாகு காய்ச்சினது போலப் பழுப்பாகி வெளியே வந்துவிட்டது.

கைவைத்துத் தடவியிருந்தால் சூட்டுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், அந்த இடம் கொஞ்சம் விறைப்பாக இருந்திருக்கும். கண்ணால் மட்டும் பார்த்தேன். அண்ணன் ஒரு நாளும் கண்ணால் மட்டும் பார்த்ததில்லை.

ஜனவரி 7

காலை ஐந்தரையிலிருந்து மேஜையில். உள்தலைப்பில் சோதித்தேன், தண்ணீருக்கும் வினிகருக்கும் சாயம் நிற்கிறது. கீழே வெள்ளைத் துண்டு, மேலிருந்து வடித்த தண்ணீர் சொட்டு, எலும்புக் கத்தியின் முதுகால் தட்டல், துண்டை இடம் மாற்றல், மறுபடி சொட்டு. துண்டில் இளமஞ்சள் இறங்க இறங்கக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஈர வட்டம் நிற்காமல் இருக்க ஓரத்திலிருந்து நடுவுக்குக் காற்றடித்துக் காயவைத்தேன். ஐந்து சுற்று. சொட்டுகள் போய்விட்டன. பெரியது பாதிக்கு வந்து நின்றுவிட்டது. சூடு பட்ட சர்க்கரை இனி தண்ணீருக்கு வராது. உள்தலைப்பில் பெராக்சைடு ஒரு துளி வைத்துப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் சந்தனம் வெளிறிப் பாலாயிற்று. அந்தக் கதவும் மூடியாயிற்று.

ஜனவரி 8

கடைசி நாள். 143 உருப்படி. ராத்திரி பதினொன்று வரைக்கும் சீட்டு குத்தினோம். 417-ஐத் தொடவே இல்லை, ஆனால் ரேக் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தேன்.

ஜனவரி 9

போன் செய்து சொல்லிவிட்டேன். மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை, மடித்துக் கவரில் போட்டால் வீட்டில் போய்த்தானே பார்ப்பார்கள் என்று. சொன்னதும் அந்த அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "பால் பழம்" என்றார். தாலி கட்டினபின் பால் பழம் கொடுத்தார்களாம், யாரோ கூட்டத்தில் கையைத் தட்டிவிட்டார்கள், மடியில் சிந்தியது. அத்தை உடனே கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார், காய்ந்ததும் ஒன்றுமே தெரியவில்லை, மறந்தே போயிற்று. பால், சர்க்கரை, வாழைப்பழம். அன்றைக்கே, வேண்டாம் அந்த வாரத்திலாவது சொல்லிக் கொடுத்திருந்தால் தண்ணீரிலேயே போயிருக்கும்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 10

பால் கறைக்கு என்று ஒரு நொதி மருந்து விற்கிறான். பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். திரும்ப அலமாரியில் வைத்தேன். பாலின் புரதத்தைத் தின்கிற மருந்துக்குப் பட்டும் புரதம்தான், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது அதற்கு.

ஜனவரி 11

அண்ணன் வந்தார்! கறுப்புக் கண்ணாடியோடு, டாக்டர் சொன்னதைக் கேட்காமல், மகனை வண்டி ஓட்டச் சொல்லி. குனியக் கூடாது என்பதால் சேலையை நான் தூக்கிப் பிடித்தேன். பார்க்கவில்லை, விரலால் தடவினார். இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக உருட்டினார். "நூல் நல்லா இருக்கு. நிறுத்திடு. இனிமே எடுத்தா சேலை போகும்" என்றார். பிறகு கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று உள்தலைப்பிலிருந்து முழம் போட்டார். ஒன்றரைச் சுற்று போய்க் கொசுவத்தில் மூன்றாவது மடிப்பு. அப்படியானால் மடிப்பை அரை அங்குலம் நகர்த்தினால் கறை மடிப்பின் உள்முகத்துக்குப் போய்விடும், கட்டினால் வெளியே வராது. கொசுவத்தை முன்னாலேயே மடித்துத் தேய்த்துக் கிளிப் போட்டுக் கொடு என்றார்.

எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 12

ஒன்பதரைக்கு வந்தார். அதே ஆள். எட்டு சேலை. வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 13

பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பாய்லர் குளிர்ந்து கிடக்கிறது. கடை இவ்வளவு அமைதியாக இருந்தால் பிடிக்கவில்லை.

ஜனவரி 17

திரும்பியது இரண்டு பேர், வர வேண்டியது நாலு.

ஜனவரி 18

417 மடிப்புக்கு அந்தப் பெண்ணையே வரச்சொன்னேன். இடுப்பும் உயரமும் தெரியாமல் அரை அங்குலக் கணக்கு போட முடியாது. அம்மாவை விட மூன்று அங்குலம் உயரம், இடுப்புச் சுற்றும் வேறு. கறை மூன்றாவது மடிப்பிலிருந்து நாலாவதுக்கு நகர்ந்துவிட்டது. ஐந்து அங்குல மடிப்பை நாலே முக்காலாக்கி, மறுபடி எண்ணி, மறுபடி பிரித்து, இரண்டு மணி நேரம். கடைசியில் உள்ளே போயிற்று. துணி மேல் வெள்ளைத் துணி போட்டு, இளஞ்சூட்டில் அழுத்தினேன், ஆவி விடவில்லை. அந்த இடத்துக்கு இன்னொரு சூடு கொடுக்கப் பயம்.

அந்தப் பெண்ணிடம் மூன்று விஷயம் சொன்னேன். சென்ட் அடித்துக் காய்ந்தபின் சேலை கட்டு, ஜரிகை மேல் பட்டால் கறுக்கும். எது சிந்தினாலும் ஒற்று, தேய்க்காதே, சிந்தியது என்ன என்று ஒரு சீட்டில் எழுதி வை. கல்யாணம் முடிந்து ஒரு வாரத்துக்குள் கொண்டுவா, பீரோவில் வைத்துவிட்டு அடுத்த தைக்கு வராதே. சிரித்துக்கொண்டே, "பால் பழம் வேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்டாள். அவள் அம்மா முறைத்தார்.

ஜனவரி 19

அண்ணன் கண்ணில் தண்ணீர் வடிகிறதாம். அன்றைக்கு வந்ததாலா?

ஜனவரி 20

தூசி பட்டதுதான், சொட்டு மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

ஜனவரி 21

ராத்திரி எட்டு மணி. 417 இன்னும் ரேக்கில். சாயங்காலம் வருகிறோம் என்றார்கள், நாளை மறுநாள் முகூர்த்தம். மூன்று தரம் கவரைப் பிரித்துக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். வாசலில் யாரோ வண்டியை நிறுத்துகிற சத்தம், அவர்களாகத்தான் இருக்கும்